வெந்நீரில் நின்றால் மட்டும் வாந்தி நிற்கிறது, ஏன்?

வாசகர் கடிதம்

"டாக்டர், எனக்கு வயது 27. வடபழனியில் அம்மாவுடன் இருக்கிறேன். வீடியோ எடிட்டிங் வேலை, பெரும்பாலும் இரவில்தான். கல்லூரியில் கஞ்சா பழகினேன். நான்கு வருடமாகத் தினமும் மூன்று நான்கு முறை, புகையிலை கலந்து. ஒன்றரை வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பயங்கரமான வாந்தி வருகிறது. இரண்டு நாள் ஓயாது. கீசர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டால் மட்டும் நிற்கிறது, வெளியே வந்தால் மறுபடி ஆரம்பம். மற்ற நாட்களிலும் காலையில் பல் தேய்க்கும்போது ஓங்கரிப்பு. அம்மா பித்தம் என்கிறார். எண்டோஸ்கோபியில் லேசான கேஸ்ட்ரைட்டிஸ் என்றார்கள், ஸ்கேன் நார்மல். போன முறை அட்மிட் ஆனபோது கிரியேட்டினின் 1.9, பொட்டாசியம் 2.9. டிரிப்ஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டது. கஞ்சா விஷயத்தை எந்த டாக்டரிடமும் சொல்லவில்லை. கேன்சர் நோயாளிகளுக்கே வாந்தி நிற்கக் கஞ்சா மருந்து தருகிறார்களாமே, அதனால் குமட்டும்போது இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பேன். ஸ்டஃபில் கலப்படம், வேறு ஆளிடம் வாங்கு என்கிறான் நண்பன். பொங்கலுக்குப் பத்து நாள் நிறுத்திப் பார்த்தேன், ஒன்பதாம் நாளே வாந்தி வந்துவிட்டது. அப்படியானால் காரணம் அது இல்லைதானே? உண்மையைச் சொன்னால் போலீஸ், இன்ஷூரன்ஸ் பிரச்சினை வருமா? ஒருவேளை நிறுத்தினால், பிறகு எப்போதாவது ஒருமுறை தொடலாமா?"

பதில்

தம்பி, நீங்கள் மருத்துவர்களிடம் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தேவையானவை. ஒன்று கஞ்சா, இன்னொன்று வெந்நீர். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எண்டோஸ்கோபி வரை போவதற்கு முன்பே யாராவது ஒருவருக்குப் பொறி தட்டியிருக்கும். 'கன்னாபினாய்டு ஹைப்பர்எமிசிஸ் சிண்ட்ரோம்' என்பது இதன் பெயர். கன்னாபினாய்டு என்றால் கஞ்சா வகைப் பொருள், ஹைப்பர்எமிசிஸ் என்றால் கடும் வாந்தி. நீண்ட காலம், அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு வரும் சுழற்சி வாந்தி. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாதுதான். ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருப்பது ஏறக்குறைய பாடப்புத்தக வர்ணனை.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பகுதி மருத்துவர்கள். 2004-இல் அவர்கள் விவரித்த பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் வாந்தி வரும் நாட்களில் விடாமல் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் தானாகவே கண்டுபிடித்தது, உங்களைப் போலவே.

காலையில் பல் தேய்க்கும்போது வரும் அந்த ஓங்கரிப்பு இந்த நோயின் முதல் கட்டம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நீடிக்கும். சாப்பாடு இறங்கும், வேலைக்கும் போவார்கள், காலையில் மட்டும் வயிறு பிரட்டும். நம் வீடுகளில் இதைப் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுப்பது வழக்கம். அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குத் தெரிந்த தகவலை வைத்து அவர் சொல்கிறார். இரண்டாம் கட்டம்தான் அந்த இரண்டு நாள் வாந்தி. மூன்றாவது, எதுவுமே நடக்காததுபோல் பசி எடுத்துச் சாப்பிடும் தெளிந்த காலம். இந்தத் தெளிந்த காலம்தான் ஆளை ஏமாற்றும். சரியாகிவிட்டதே என்று பழையபடி பொட்டலத்தைப் பிரிப்பார்கள், சுற்று மறுபடி தொடங்கும்.

வாந்தியை நிறுத்தும் பொருளே வாந்தியை வரவழைக்குமா?

நீங்கள் படித்தது பொய்யில்லை. கீமோதெரபி வாந்திக்கு டிரோனாபினால், நபிலோன் என்ற கன்னாபினாய்டு மாத்திரைகள் சில நாடுகளில் உண்டு. மூளைத் தண்டில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் பகுதியில் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. கஞ்சாவில் உள்ள டிஎச்சி அவற்றில் போய் ஒட்டினால் குமட்டல் அடங்கும். ஆனால் அந்த மாத்திரைகளை அளந்து, கீமோ நாட்களை ஒட்டிக் கொஞ்ச காலம் கொடுக்கிறார்கள். நீங்களோ நான்கு வருடமாக, தினமும் நான்கு வேளை அந்த ஏற்பிகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். இப்படி ஓயாமல் தூண்டினால் அவற்றின் எண்ணிக்கையும் உணர்வும் குறைகின்றன. குமட்டலை அடக்கிவந்த கட்டுப்பாடு தளர்ந்துபோகிறது. அதே ஏற்பிகள் குடலிலும் உண்டு. அங்கே கஞ்சாவின் வேலை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது. வாந்திக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான். தினமும் புகைக்கும் எல்லோருக்கும் வராமல் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் திருத்தமான பதில் இல்லை.

ஆகவே குமட்டும்போது நீங்கள் இழுக்கும் அந்த இரண்டு இழுப்பு அப்போதைக்குச் சற்று ஆறுதல் தருவதுபோல் தோன்றினாலும், அடுத்த சுற்றுக்குத்தான் தீனி போடுகிறது. ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நண்பர் சொல்லும் கலப்படக் கதைக்கு வருகிறேன். தெருவில் கிடைப்பதில் என்ன கலந்திருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, அது உண்மை. ஆனால் கஞ்சா சட்டப்படி விற்கப்படும் கனடாவிலும், ஆய்வகத்தில் சோதித்த சரக்கை வாங்குபவர்களுக்கும் இதே வாந்தி வருகிறது. செயற்கைக் கன்னாபினாய்டு எடுத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. எனவே ஆளை மாற்றி வாங்குவதால் பலனில்லை. வேப், எண்ணெய், சாப்பிடும் வடிவம் என்று மாறினாலும் டிஎச்சி டிஎச்சிதான்.

வெந்நீர் செய்வது என்ன

நம் தோலின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது விழித்துக்கொள்ளும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின் பட்டாலும் அதே ஏற்பிதான் விழிக்கும், மிளகாய் 'எரிவது' அதனால்தான். இதை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பி தோலில் மட்டுமின்றி, குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பிலும் இருக்கிறது. கன்னாபினாய்டுகளோடும் அதற்குத் தொடர்பு உண்டு. நீண்ட காலக் கஞ்சா இதன் இயக்கத்தைக் குலைத்துவிடுகிறது, சூடு அதைத் தற்காலிகமாக எழுப்பிக் குமட்டலைத் தணிக்கிறது என்பது ஒரு கருத்து. சூட்டினால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் ஆறுதல் கிடைக்கிறது என்பது இன்னொன்று. எதுவானாலும் நீங்கள் அனுபவத்தில் பார்த்ததுதான் நடக்கிறது: தோல் சூடாக இருக்கும்வரை பலன், ஆறியதும் முடிந்தது.

இதில் இரண்டு எச்சரிக்கை. வெந்நீரில் ஆறுதல் கிடைக்கிறது என்பதாலேயே கஞ்சாதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. கஞ்சாவைத் தொட்டே பார்க்காத, வேறு வகைச் சுழற்சி வாந்தி உள்ளவர்களிலும் கணிசமான பேர் வெந்நீரைத் தேடுகிறார்கள். அது ஒரு துப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது எச்சரிக்கை உங்கள் சிறுநீரகத்தைப் பற்றியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அந்தக் கிரியேட்டினின் 1.9-ஐச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் வாந்தியில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிட்டன. அந்த நிலையில் மூடிய குளியலறையில், அதுவும் சென்னைக் கோடையில், மணிக்கணக்காகக் கொதிநீரில் நின்றால் வியர்வையில் இன்னும் நீர் போகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தமும் இறங்குகிறது. சிறுநீரகத்துக்குப் போதுமான ரத்தம் கிடைக்காததால் கிரியேட்டினின் ஏறுகிறது. டிரிப்ஸ் ஏற்றியதும் உங்களுக்கு இறங்கிவிட்டது, நல்லது. தாமதமாக வந்தவர்களில் சிலருக்கு டயாலிசிஸ் வரை போயிருக்கிறது. பொட்டாசியம் 2.9 என்பதும் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய அளவுதான். அரிதாக இந்த நோயில் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. கொதிநீரால் தோல் வெந்துபோவதும், நின்றபடியே மயங்கி விழுவதும் உண்டு. குளிக்காமல் இருக்க முடியாது என்றால் கையால் தொட்டுத் தாங்கும் சூட்டில், உட்கார்ந்தபடி, கால் மணி நேரத்துக்குள், தாழ்ப்பாள் போடாமல் குளியுங்கள். இடையிடையே ஓஆர்எஸ் கரைசலை ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூனாகக் குடியுங்கள். முழு டம்ளரைக் கவிழ்த்தால் அப்படியே வெளியே வரும்.

அடுத்த தடவை வந்தால்

ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம் வருகிறது, வாந்திக்குப் பின் நெஞ்சு கடுமையாக வலிக்கிறது, இதில் எது இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், கண் மஞ்சளாவது, வலி வலது அடிவயிற்றில் நிலைகொள்வது ஆகியவை இந்த நோயின் குணமில்லை. அப்போது குடல்வால், பித்தப்பை, கல்லீரல் என்று வேறு பக்கம் தேட வேண்டியிருக்கும். பழைய நோயை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அங்கே போனதும் பணியில் இருக்கும் மருத்துவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "நான்கு வருடமாகத் தினமும் கஞ்சா புகைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படி வாந்தி வருகிறது. வெந்நீரில் மட்டும் அடங்குகிறது. போன முறை பொட்டாசியம் 2.9." சிகிச்சையின் போக்கே இதனால் மாறும். டிரிப்ஸும் பொட்டாசியமும் எப்படியும் கொடுப்பார்கள். வாந்தியை நிறுத்த வழக்கமாகப் போடும் ஆன்டன்செட்ரான் ஊசி இந்த நோயில் பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. போன தடவை அதை எத்தனை முறை போட்டார்கள் என்று உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். தவிர, பொட்டாசியம் குறைவாக இருக்கும்போது அதையே திரும்பத் திரும்பப் போட்டால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கனடாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில் ஹாலோபெரிடால் ஊசி ஆன்டன்செட்ரானைவிட நன்றாக வேலை செய்தது. அதற்கும் முதலில் ஈசிஜி பார்க்க வேண்டும், எனவே மருத்துவமனையில் மட்டுமே போடக்கூடியது. வயிற்று வலிக்கு டிரமடால் போன்ற ஓபியாய்டு ஊசி போட்டால் குடல் இன்னும் மந்தமாகிக் குமட்டல் கூடும்.

கேப்சைசின் கிரீமைச் சில மருத்துவர்கள் வயிற்றில் தடவச் சொல்வார்கள். மிளகாயைப் பற்றி மேலே சொன்னேனே, அதே தத்துவம்தான். நரம்பு வலிக்காக நம் மருந்துக் கடைகளில் கிடைப்பதே போதும். மெல்லியதாகத் தடவிக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தடவிய இடத்தில் வெந்நீரை ஊற்றினால் எரிச்சலில் துள்ளிவிடுவீர்கள். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. சமையல் மிளகாயை அரைத்துப் பூசும் யோசனை மட்டும் வேண்டாம், தோல் புண்ணாகிவிடும்.

பத்து நாள் கணக்கு

கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பொங்கல் சோதனைதான். நியாயமாக யோசித்திருக்கிறீர்கள், ஆனால் கால அளவு போதாது. டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். தினமும் புகைப்பவர்களின் உடம்புக் கொழுப்பில் அது தங்கி, மெதுவாகக் கசிந்து வெளியேறும். நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிவதுண்டு. ஒன்பதாம் நாளில் நீங்கள் கஞ்சா இல்லாத மனிதராகவே ஆகியிருக்கவில்லை. மேலும், அந்த நாட்களில் உங்களுக்கு அடுத்த சுற்று வரவேண்டிய முறையாகவும் இருந்திருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். உங்களுக்கு வாந்தி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பத்து நாள் வராமல் இருந்திருந்தால் மட்டும் அது எதை நிரூபித்திருக்கும்? கஞ்சா புகைத்துக்கொண்டே அதைவிட நீண்ட தெளிந்த காலங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களே. அதனால்தான் குறைந்தது ஆறு மாதமாவது, அல்லது அந்த ஆளின் வழக்கமான சுற்று மூன்று முறை வந்துபோகும் காலமாவது முழுதாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிறோம். உங்கள் கணக்கில் இரண்டும் ஒன்றேதான்: மூன்று சுற்று, ஆறு மாதம். தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு வாந்தி வந்தால் சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நான்காம், ஐந்தாம் மாதத்திலும் அதே வேகத்தில் வந்தால் என் கணிப்பு தவறு. அப்போது வேறு சுழற்சி வாந்தி நோய்கள், அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, போர்ஃபிரியா என்ற அரிய நோய் போன்றவற்றைத் தேட வேண்டும்.

குறைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். இந்த நோய் வந்த பிறகு குறைப்பது பெரும்பாலும் பலன் தருவதில்லை, சோதனையையும் கெடுத்துவிடும்.

நிறுத்தினால் முதல் வாரம் சிரமம்தான். ஓரிரு நாளிலேயே எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை, பசியின்மை எல்லாம் வரும். கனவுகள் படம் ஓட்டியதுபோல் தெளிவாக வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும், தூக்கம் மட்டும் சற்றுத் தாமதமாகச் சரியாகும். நீங்கள் புகையிலை கலந்து புகைப்பதால் நிக்கோட்டின் ஏக்கமும் சேர்ந்து வரும். அதைக் கஞ்சா ஏக்கம் என்று தப்பாக நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். மருத்துவரிடம் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை தூக்கத்துக்கும் உதவும், சுழற்சி வாந்தியைத் தடுக்கவும் உதவும். அது மருத்துவர் எழுதித் தர வேண்டியது. நண்பர்களிடம் அல்பிரசோலம் வாங்கிப் போடுவதோ, தூங்குவதற்காகக் குடிப்பதோ வேண்டாம்.

நேரில் பார்க்க, அரசுத் தரப்பில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது. அடையாறு பக்கம் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. போனில் முதலில் பேசிப் பார்க்க 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண் உண்டு. வயிற்றுப் பக்கம் ஒரு இரைப்பை குடல் மருத்துவரும் உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை ஒருமுறை பார்க்கட்டும். எண்டோஸ்கோபியை மறுபடி எடுக்கத் தேவையிருக்காது.

போலீஸ், இன்ஷூரன்ஸ், அம்மா

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வருவதால் சொல்கிறேன். நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. சிகிச்சைக்கு வந்தவர் கஞ்சா பழக்கத்தைச் சொன்னதற்காகக் காவல் நிலையத்துக்குப் போன் போடுவது எங்கள் வேலையில்லை. கஞ்சா பயன்படுத்துவது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கைச் சந்திக்கும் பழக்க அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு ரத்தாகவும் கூடும்.

இன்ஷூரன்ஸ் பயத்தில் நியாயம் இருக்கிறது. போதைப் பழக்க சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விதிவிலக்கு பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் கஞ்சா என்று எழுதினால் கிளைமை மறுக்க வாய்ப்பிருக்கிறது. அதற்காக எங்களைப் பொய் எழுதச் சொல்லாதீர்கள். நிறுவனம் உங்களிடம் அந்தப் பில்லைக் கட்டச் சொல்லலாம். சொல்லாமல் விட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு அட்மிஷன் என்று தொடரும். எது அதிகச் செலவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அரசுப் பொது மருத்துவமனையில் இந்தக் கேள்வியே எழாது.

அம்மாவிடம் சொல்வது உங்கள் விருப்பம். நீங்கள் அனுமதிக்காமல் நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் வாந்தி வரும் இரவில் உங்களோடு இருப்பவர் அவர்தான். முழுக்கதை வேண்டாம் என்றால், "சிறுநீர் போகவில்லை என்றாலோ குளியலறையில் சத்தம் இல்லை என்றாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ" என்ற அளவுக்காவது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, பிறகு எப்போதாவது தொடலாமா என்ற கேள்வி. அடிலெய்டில் நிறுத்தியவர்களுக்கு வாந்தி நின்றது. அவர்களில் மூன்று பேர் கொஞ்ச காலம் கழித்து மறுபடி புகைத்துப் பார்த்தார்கள். மூவருக்கும் நோய் திரும்பியது. அதில் இருவர் மீண்டும் நிறுத்தினார்கள், சரியானார்கள். மூன்றாமவர் நிறுத்தவில்லை, அந்த ஆய்வு எழுதப்பட்ட சமயத்திலும் அவர் நோயோடுதான் இருந்தார்.